வடக்கு பார்த்த கண்ணாடிக் கூரை: ஓவியர்கள் ஏன் வெயிலுக்கு முதுகு காட்டுகிறார்கள்? சென்னையில் அது பலிக்குமா?

இன்ஸ்டாகிராமிலோ பின்டரஸ்டிலோ ஓவியர் ஸ்டூடியோ என்று தேடிப் பாருங்கள். வரிசையாக ஒரே மாதிரி படங்கள் வரும். உயரமான அறை, கூரையில் சாய்வாகப் பதித்த பெரிய கண்ணாடி, அதற்குக் கீழே கேன்வாஸைத் தாங்கி நிற்கும் ஈஸல், பெயின்ட் சொட்டிச் சொட்டி நிறம் மாறிப்போன மரத்தரை. எல்லாவற்றின் மேலும் லேசான நீலம் கலந்த, நிழலே இல்லாதது போன்ற ஒரு வெளிச்சம்.

பார்க்க அழகாக இருப்பதால் இதை வெறும் ஸ்டைல் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அந்த அறை ஒரு கருவி. மைக்ரோஸ்கோப் எப்படி ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டதோ, அப்படித்தான் இதுவும். அந்தக் கண்ணாடி எந்தத் திசையைப் பார்க்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்று விஷயங்களில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லண்டனில் கச்சிதமாக வேலை செய்யும் அதே கூரையை அப்படியே சென்னையில் கட்டினால், வருடத்தில் எட்டு மாதம் உச்சிவெயில் நேராக கேன்வாஸ் பக்கம் இறங்கிவிடும். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செசான் கட்டிய அறை

பிரான்ஸின் தெற்கில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்றொரு ஊர். ஓவியர் பால் செசானின் சொந்த ஊர். ஊருக்கு வடக்கே, லோவ் என்ற மேட்டில் 1901 நவம்பரில் அவர் ஒரு நிலம் வாங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1899-ல், அவர் பல காலம் வரைந்துவந்த குடும்ப வீடு விற்கப்பட்டிருந்தது. தனக்கென்று வரைய ஓர் இடம் தேவைப்பட்டது. 1902 செப்டம்பரில் வீடு தயாரானது. 1906 அக்டோபரில் இறக்கும் வரை அவர் வேலை செய்தது அங்கேதான்.

வீட்டின் மாடி முழுக்க ஒரே அறை. அதன் வடக்குச் சுவரின் பெரும்பகுதி கண்ணாடி. தெற்கே இரண்டு சாதாரண ஜன்னல்கள். சுவருக்குச் சாம்பல் நிறம். வடக்குச் சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே உயரமான, ஒல்லியான ஒரு பிளவு இருக்கிறது. முதல் பார்வைக்கு என்னவென்று புரியாது. பெரிய கேன்வாஸ்களை வெளியே எடுப்பதற்கான வழி அது. அந்த வருடங்களில் அவர் வரைந்துகொண்டிருந்த ‘பெரிய குளிப்பவர்கள்’ ஓவியத்தின் அகலம் மட்டும் இரண்டரை மீட்டர். மாடிப்படியில் அதை இறக்குவது நடக்காத காரியம்.

அவர் வரைந்த பொருட்கள் சில இன்றும் அந்த அறையில் இருக்கின்றன. பிளாஸ்டர் சிலை, மண்டையோடுகள், உயரமான ஏணி. 1950-களில் அந்த இடம் கைமாறிப் போகும் நிலை வந்தபோது, கலை வரலாற்று அறிஞர் ஜான் ரிவால்ட், எழுத்தாளர் ஜேம்ஸ் லார்ட் இருவரும் அமெரிக்காவில் நன்கொடை திரட்டிக் காப்பாற்றினார்கள். 1954 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

சரி, இவருக்கு ஏன் இவ்வளவு பெரிய வடக்குக் கண்ணாடி? செசான் ரொம்ப ரொம்ப மெதுவாக வரைபவர். 1899-ல் தன் ஓவியத்துக்காகத் தன்னை 115 முறை உட்காரவைத்தார் என்று அவருடைய ஓவிய வியாபாரி அம்ப்ருவாஸ் வோலார் எழுதியிருக்கிறார். இப்படி வேலை செய்கிறவருக்குப் பழம் அழுகுவது கூட இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை வெளிச்சம் நகர்வது.

வெயில் நகரும், வானம் நகராது

ஒரு மேஜையில் ஆப்பிள் வைத்து வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் கிழக்கு பார்த்தது. காலை எட்டு மணிக்கு ஆப்பிளின் இடது பக்கம் பளிச்சென்று இருக்கிறது, வலது பக்கம் நீளமான நிழல். நீங்கள் நிறம் கலந்து, நிழலின் ஓரத்தைப் பிடித்து வரையத் தொடங்குவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் சூரியன் வானத்தில் 15 டிகிரி நகர்ந்திருக்கும். நிழல் குட்டையாகி வேறு பக்கம் திரும்பியிருக்கும். காலையில் இருந்த மஞ்சள் சாயல் குறைந்திருக்கும். நண்பகல் தாண்டினால் அந்த ஜன்னலில் வெயிலே இருக்காது.

இப்போது நீங்கள் எந்த ஆப்பிளை வரைவது? எட்டு மணி ஆப்பிளா, ஒன்பது மணி ஆப்பிளா? புதிதாக வரையப் பழகுபவர்களின் படத்தில் ஒரு பழத்தின் நிழல் ஒரு பக்கமும் பக்கத்துப் பழத்தின் நிழல் இன்னொரு பக்கமும் போவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். இரண்டுமே சரியாகப் பார்த்துதான் வரையப்பட்டிருக்கும். ஆனால் வெவ்வேறு நேரத்தில் பார்த்தது.

வடக்கு ஜன்னலில் நடப்பது வேறு. பூமியின் வட பாதியில், கடக ரேகைக்கு மேலே உள்ள ஊர்களில், நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கு வானத்தில்தான் இருக்கும். அதனால் வடக்கு பார்த்த கண்ணாடிக்குள் நேரடி வெயில் வராது. வருவது வானத்தின் வெளிச்சம். வானம் எங்கும் போவதில்லை. ஒரே இடத்தில் விரிந்திருக்கும் பிரம்மாண்டமான விளக்கு மாதிரி அது. காலை பத்து மணிக்கு விழுந்த நிழல் மதியம் மூன்று மணிக்கும் கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே வடிவத்தில் கிடக்கும். நாளைக்கும் அப்படித்தான்.

இன்னொரு லாபம், நிழலின் ஓரம். சூரியன் நம் கண்ணுக்கு ஒரு சின்ன வட்டம். அதனால் அது தரும் நிழல் கத்தியால் வெட்டியது போல இருக்கும். பெரிய கண்ணாடி வழியாக வரும் வான வெளிச்சம் பல கோணங்களிலிருந்து வருவதால் நிழலின் ஓரம் மெல்ல மெல்லக் கரையும். ஒரு முகத்தின் கன்னம் எங்கே வளைகிறது, மூக்குக்குக் கீழே எவ்வளவு பள்ளம் என்பதையெல்லாம் அந்தக் கரைசலில்தான் பார்க்க முடியும். லியனார்டோ டா வின்சியும் தன் குறிப்புகளில், வெளிச்சம் மாறாமல் இருக்க வடக்கிலிருந்து எடுங்கள் என்று எழுதிவைத்தார்.

ஆனால் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. செசானின் ஊரிலும் வடக்கு ஜன்னல் வருடம் முழுக்க வெயிலே படாதது இல்லை. ஜூன் மாதம் அங்கே சூரியன் வடகிழக்கில் உதிக்கிறது. கணக்குப் போட்டால், உதித்து சுமார் மூன்றரை மணி நேரம் வரை அது வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகும். சாயங்காலமும் அப்படியே. தடிமனான சுவரும் பக்கத்து மரங்களும் அந்தச் சாய்வெயிலைப் பெரும்பாலும் தடுத்துவிடும். மிச்சத்துக்குத் திரை போதும்.

ஜன்னல் போதாதா, ஏன் கூரை?

வடக்குதான் முக்கியம் என்றால் சாதாரண ஜன்னலே போதுமே? போதாது. உயரத்துக்கும் மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, பளபளப்பு. ஈரமான எண்ணெய் வண்ணம் கண்ணாடி மாதிரி மின்னும். வெளிச்சம் உங்கள் கண் மட்டத்திலிருந்து வந்தால், அது கேன்வாஸில் பட்டு நேராக உங்கள் கண்ணுக்கே திரும்பும். போட்ட நிறம் தெரியாது, வெள்ளைத் திட்டுதான் தெரியும். வெளிச்சம் மேலேயிருந்து சுமார் 45 டிகிரியில் இறங்கினால், நிமிர்ந்து நிற்கும் கேன்வாஸில் பட்டுத் தரையை நோக்கிப் போய்விடும். அதனால்தான் பழைய ஸ்டூடியோக்களில் ஜன்னலின் கீழ்ப் பாதியைத் துணியால் மறைத்திருப்பார்கள். கனமான ஸ்டூடியோ ஈஸல்களில் கேன்வாஸின் தலைப்பகுதி கொஞ்சம் முன்னால் சாய்கிற மாதிரி ஏற்பாடு இருப்பதும் மிச்சப் பளபளப்பைத் தரைக்கு அனுப்பத்தான்.

இரண்டாவது, நிழலின் அளவு. ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக விழும்படி வெளிச்சத்தின் உயரத்தை வைக்கச் சொன்னார் லியனார்டோ. கணக்குப்படி அதுவும் 45 டிகிரிதான். வெளிச்சம் ரொம்பத் தாழ்ந்து வந்தால் முகம் தட்டையாகத் தெரியும். நேர் உச்சியிலிருந்து வந்தால் கண் இருக்கும் இடம் இருட்டுக் குழியாகிவிடும். இடையில்தான் முகம் முகமாகத் தெரியும்.

மூன்றாவது காரணம் நகரத்தில் வசிப்பவர்களுக்கு உடனே புரியும். வடக்கு ஜன்னலைத் திறந்தால் எதிரே என்ன தெரிகிறது? எதிர்வீட்டின் தெற்குச் சுவர். அதன் மேல் வெயில் நேராக அடிக்கிறது. அந்தச் சுவர் மஞ்சள் என்றால் உங்கள் அறைக்குள் வருவது மஞ்சள் வெளிச்சம். அதுவும் வெயிலோடு சேர்ந்து கூடும், குறையும். திசை வடக்குதான், ஆனால் உள்ளே வருவது வடக்கு வெளிச்சம் இல்லை. கூரைக் கண்ணாடிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது வானத்தை மட்டுமே பார்க்கிறது.

அப்படியானால் கண்ணாடியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நல்லதா என்றால், ஓரளவுக்கு மேல் அது ஊரைப் பொறுத்தது. லண்டன் ஓவியர் ஃபிரடெரிக் லெய்ட்டன் 1860-களில் கட்டிய வீட்டில் பிரமாதமான வடக்கு ஜன்னலோடு ஸ்டூடியோ இருந்தது. ஆனால் குளிர்காலத்தில் பகல் குட்டை, அதோடு நிலக்கரிப் புகை கலந்த பனிமூட்டம் வேறு. வடக்கு வெளிச்சம் நிலையாகத்தான் இருந்தது, வரையப் போதுமான அளவு இல்லை. கடைசியில் 1889-90-ல் இரும்பும் கண்ணாடியுமாக ஒரு தனிக் குளிர்கால ஸ்டூடியோவை வீட்டோடு சேர்த்துக் கட்டினார். நிலையான வெளிச்சத்துக்குக் கொடுக்கும் விலை, குறைவான வெளிச்சம்.

தரை சொல்லும் கதை

போட்டோக்களில் எல்லோரையும் கவர்வது அந்தப் பெயின்ட் படிந்த தரைதான். அதையும் வெளிச்சத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். வெயில் நகரும் அறையில் ஓவியர் ஈஸலைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க இடம் மாற வேண்டியிருக்கும். வடக்கு வெளிச்ச அறையில் ஈஸலுக்கு நல்ல இடம் ஒன்று அமைந்துவிட்டால், வருடக்கணக்கில் அங்கேயே நிற்கலாம். சொட்டுகளும் அந்த ஒரு வட்டத்திலேயே படிந்து தடிக்கும். வலது கைக்காரர் என்றால் பெரும்பாலும் கண்ணாடி இடது பக்கம் வருகிற மாதிரி நிற்பார். இல்லாவிட்டால் சொந்தக் கையின் நிழல் தூரிகையின் முனையில் விழும்.

ஈஸலே வேண்டாம் என்று கேன்வாஸைத் தரையில் விரித்து, மேலிருந்து பெயின்டைச் சொட்டவிட்டவர் ஜாக்சன் பொல்லாக். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு பழைய மரக் களஞ்சியத்தை ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டபோது, அவரும் வடக்குச் சுவரில் உயரத்தில் ஜன்னல் வைத்தார். 1953-ல் அந்தத் தரையின் மேல் பலகை அடித்து மூடப்பட்டது. இடம் அருங்காட்சியகமான பிறகு பலகையைப் பெயர்த்தபோது, அவருடைய புகழ்பெற்ற ஓவியங்களின் ஓரம் தாண்டித் தெறித்த வண்ணங்கள் அப்படியே அடியில் இருந்தன. ஈஸலை விட்டவரும் வடக்கு ஜன்னலை விடவில்லை.

தரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கீழேயிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. பளீர் சிவப்புக் கம்பளம் விரித்தால், வரைய உட்கார்ந்திருப்பவரின் தாடையின் அடிப்பக்கம் சிவந்து தெரியும். செசானின் சுவர் சாம்பல் நிறத்தில் இருப்பது வறுமையாலோ சோம்பலாலோ அல்ல. சாம்பல் திருப்பி அனுப்பும் வெளிச்சத்தில் எந்த நிறச் சாயலும் சேராது.

அந்த நீலச் சாயல் நல்லதா?

வடக்கு வெளிச்சம் ‘வெள்ளை’ என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது, அது நீலம் சாய்ந்தது. வீட்டுக்கு எல்இடி பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருப்பார்களே, அதே அளவுகோலில் பார்க்கலாம். மஞ்சளாக எரியும் பல்பு 2,700 முதல் 3,000 கெல்வின். உச்சிவெயில் சுமார் 5,500. மேகமூட்டம் சுமார் 6,500. வெயில் கலக்காத நீல வானம் மட்டும் என்றால் 10,000 கெல்வினையும் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும்.

நம் கண் இதற்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். வெள்ளைத் தாள் வெள்ளையாகவே தெரியும். ஆனால் வரைபவர் கவனித்தால் ஒரு வித்தியாசம் புரியும். வெளிச்சம் படும் பக்கம் குளிர்ச்சியாகவும், மரத்தரையிலிருந்து எதிரொளி வாங்கும் நிழல் பக்கம் கதகதப்பாகவும் இருக்கும். வெயிலில் இது தலைகீழ். ஐரோப்பிய உருவப்படங்களில் நெற்றியில் லேசான நீலமும் கழுத்து நிழலில் பழுப்புச் சிவப்பும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறையே கற்றுக்கொடுத்த பாடம் அது.

பிரச்சினை எங்கே வருகிறது? படம் அந்த அறையை விட்டு வெளியே போகும்போது. நீல வெளிச்சத்தில் நுணுக்கமாகக் கலந்த நீலச் சாம்பல் நிறங்கள், வாங்கியவர் வீட்டு ஹாலில் 3,000 கெல்வின் பல்பின் கீழே மங்கி அழுக்குப் பச்சையாகத் தெரியலாம். இன்னும் மோசமானது, ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு கலவைகள் வேறு வெளிச்சத்தில் பிரிந்து தெரிவது. ஒரு குழாய் நீலம் தீர்ந்துபோய் வேறு நீலத்தை வைத்து அதே வானத்தைத் தொடர்ந்திருந்தால், ஸ்டூடியோவில் தெரியாத தையல் ஹாலில் தெரிந்துவிடும்.

திருப்பூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதே இல்லை. துணியின் நிறம் சாம்பிளோடு பொருந்துகிறதா என்று ஒரு பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்ச விளக்கு, கடை விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்களே, அதே காரணம். ஓவியர்களும் அதைத்தான் செய்கிறார்கள். முடிப்பதற்கு முன் படத்தை வேறு அறைக்கு எடுத்துப்போய், சாதாரண வீட்டு விளக்கில் ஒருமுறை வைத்துப் பார்ப்பார்கள்.

லண்டன் கூரையைச் சென்னைக்குக் கொண்டுவந்தால்?

இப்போது முக்கியமான இடம். இணையத்தில் கிடைக்கும் ஸ்டூடியோ டிப்ஸ் எல்லாமே ‘வடக்கு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகின்றன. ஆனால் அந்த விதி, நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருக்கும் ஊர்களுக்கானது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் அது தலைகீழாகித் தெற்கு வெளிச்சமாகிவிடும். சென்னையிலோ இரண்டுமே முழுசாகப் பொருந்தாது.

சாய்வான கூரைக் கண்ணாடிக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. தரையோடு ஒப்பிட்டால் கண்ணாடி எத்தனை டிகிரி நிமிர்ந்திருக்கிறது? தெற்கே நிற்கும் நண்பகல் சூரியன் எத்தனை டிகிரி உயரத்தில் இருக்கிறது? சூரியனின் எண் கண்ணாடியின் எண்ணைத் தாண்டினால், கூரை முகட்டைத் தாண்டி வெயில் உள்ளே எட்டிப் பார்க்கும். தாண்டாவிட்டால் பார்க்காது.

லண்டனில் சூரியன் மிக உயரமாக ஏறும் நாள் ஜூன் 21. அன்றைக்கு நண்பகலில் அதன் உயரம் சுமார் 62 டிகிரி. கண்ணாடியை 65 டிகிரிக்கு நிமிர்த்திவிட்டால், வருடத்தில் ஒருநாள் கூட நண்பகல் வெயில் உள்ளே வராது. கதை முடிந்தது.

அதே 65 டிகிரி கண்ணாடியைச் சென்னை மொட்டைமாடியில், அதே வடக்கைப் பார்த்து வைத்துப் பாருங்கள். டிசம்பர் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். சரி, வெயில் வராது. பிப்ரவரி நடுப்பகுதியைத் தாண்டியதும் சூரியன் 65 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே ஆரம்பிக்கும் உச்சிவெயில், அக்டோபர் கடைசி வாரம் வரை தினமும் உள்ளே வரும். எட்டு மாதம். ஸ்டூடியோ வாங்கியவருக்குக் கிடைப்பது ஒரு கண்ணாடி அடுப்பு.

அது மட்டுமில்லை. ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் ‘நிழலில்லா நாள்’ என்று செய்தி வருமே, நினைவிருக்கிறதா? அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செங்குத்தான கம்பத்துக்கு நிழலே விழாது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் வரும் அடுத்த நிழலில்லா நாள் வரை, நண்பகல் சூரியன் நமக்கு *வடக்கே* இருக்கிறது. ஜூன் 21-ல் இங்கே உதிப்பதிலிருந்து மறைவது வரை முழு நாளும் அது வடக்கு வானத்திலேயே பயணிக்கிறது. அதாவது அந்த நாலு மாதங்களுக்கு, நண்பகலில் வெயிலுக்கு முதுகு காட்டுவது தெற்கு ஜன்னல்தான்.

இங்கே எப்படிச் செய்யலாம்?

வடக்கைக் கைவிட வேண்டியதில்லை. சாய்வைக் கைவிட்டால் போதும். கண்ணாடியைச் சாய்க்காமல், சுவரின் மேல் பகுதியிலோ கூரையில் எழுப்பிய குட்டைச் சுவரிலோ செங்குத்தாக வைக்க வேண்டும். சிவில் படித்தவர்கள் ‘நார்த் லைட் ட்ரஸ்’ என்று படித்திருப்பார்கள். பஞ்சாலைகளில் ரம்பப் பல் போல வரிசையாக இருக்கும் கூரை அது. அதன் கண்ணாடிப் பக்கத்தைச் செங்குத்தாக நிமிர்த்தினால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

செங்குத்துக் கண்ணாடி என்றால் பிரச்சினை ரொம்பச் சின்னதாகிறது. ஜூன் 21 நண்பகலில் சென்னையில் சூரியன் வடக்கே கிட்டத்தட்ட 80 டிகிரி உயரத்தில் நிற்கும். அவ்வளவு செங்குத்தாக இறங்கும் வெயிலை மறைக்க, இரண்டு மீட்டர் உயரக் கண்ணாடிக்கு மேலே 40 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு போதும். காலை ஒன்பது மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் சேர்த்துத் தடுக்க வேண்டும் என்றால் சுமார் 70 சென்டிமீட்டர் வேண்டும்.

ஆனால் காலை ஏழு மணி வெயிலுக்குச் சன்ஷேடு உதவாது. அந்த நேரத்தில் சூரியன் தாழ்ந்து, பக்கவாட்டில் வருவதால் அதைத் தடுக்கச் சன்ஷேடே இரண்டு மீட்டர் நீள வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கண்ணாடியின் இரண்டு பக்கமும் செங்குத்தான பலகையோ சுவரோ நீட்டினால் கிழக்கு, மேற்கிலிருந்து வரும் சாய்வெயில் நின்றுவிடும். அதையும் மீறி வருவதை மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியோ பாலிஷ் செய்யாத மங்கல் கண்ணாடியோ சிதறடித்து மென்மையாக்கும். துணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கிரீம் நிறத் திரை போட்டால் மொத்த அறையும் மஞ்சளாகும்.

ஏற்கெனவே சாய்வுக் கண்ணாடி போட்டாகிவிட்டது என்றால், வெளிப்பக்கம் மறைப்பு போடுவதுதான் வழி. உள்ளே திரை போட்டால் வெளிச்சம் மென்மையாகும், ஆனால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்திருக்கும்.

பென்சிலும் வெள்ளைத் தாளும் போதும்

ஸ்டூடியோ கட்டுகிறவர்கள் மட்டுமல்ல, வாடகை வீட்டில் வரைய, துணி வெட்ட, பொருட்களைப் போட்டோ எடுக்க ஓர் அறையைத் தேடுகிறவர்களும் முடிவெடுக்கும் முன் செய்துபார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வேலை செய்யப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதன் மேல் ஒரு பென்சிலைக் களிமண் உருண்டையில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துங்கள். நிழலின் ஓரத்தைப் பாருங்கள். கோடு போட்ட மாதிரி கூர்மையாக இருந்தால் நேரடி வெயில் வருகிறது. ஓரம் கரைந்து புகை மாதிரி இருந்தால் வான வெளிச்சம்.

நிழலின் நுனியில் ஒரு புள்ளி வைத்து நேரத்தை எழுதுங்கள். காலை ஒன்பது, பன்னிரண்டு, மதியம் மூன்று மணிக்குத் திரும்பப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் நெருக்கமாக இருந்தால் அந்த வெளிச்சத்தை நம்பி வேலை செய்யலாம். விலகிப் போனால், பகல் முழுக்க நீங்கள் வெயிலைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

நிறத்தையும் சோதிக்கலாம். போன் கேமராவில் ஒயிட் பேலன்ஸைத் தானாக மாறாதபடி ஒரே எண்ணில் பூட்டிவிட்டு, அதே தாளை மூன்று வேளையும் படம் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கண் பழகிப்போனதால் தெரியாத மஞ்சளும் எதிர்வீட்டுச் சுவரின் பச்சையும் பளிச்சென்று தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையை டிசம்பரில் செய்தால் சென்னையின் எல்லா வடக்கு அறையும் பாஸ் ஆகிவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஜூன் மாத வெயில் அந்த ஜன்னலுக்குள் எதுவரை வரும் என்று வீட்டில் ஏற்கெனவே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.